நல்லாத்தானே போச்சு, அப்புறம் ஏன் மெசேஜ் இல்லை?

புதன்கிழமை மதியம் எங்கள் டீமில் இருக்கும் தம்பி ஒருவன் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலேயே உட்கார்ந்திருந்தான். என்னவென்று கேட்டதும் கொட்டிவிட்டான். டேட்டிங் ஆப்பில் ஒரு பெண்ணோடு இரண்டு வாரம் பேசி, வாட்ஸப் நம்பர் வாங்கி, சனிக்கிழமைதான் முதல் முறையாக நேரில் பார்த்திருக்கிறான். பெசன்ட் நகரில் சாயங்காலம் ஐந்து மணிக்கு ஒரு காபி என்று ஆரம்பித்தது. காபி முடிந்து, கடற்கரையில் ஷ்மிட் மண்டபம் வரை நடந்து, மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டு, ஒன்பது மணிக்கு அவளை ஆட்டோ ஏற்றிவிட்டு வந்திருக்கிறான்.

"நாலு மணி நேரம் அக்கா. ஒரு தடவைகூட அவங்க மணி பார்க்கல. இப்போ நாலு நாளா ஒரு வார்த்தை இல்ல. நானா மெசேஜ் பண்ணா அலையிற மாதிரி இருக்குமா? இல்ல வெயிட் பண்ணட்டுமா?"

போனைக் கொடு என்று வாங்கிப் பார்த்தேன். சனிக்கிழமை இரவு 9:40-க்கு இவன் கேட்டிருக்கிறான்: "வீட்டுக்குப் போயிட்டீங்களா?" 9:52-க்கு அவள்: "ம், வந்துட்டேன். ரொம்ப நாள் கழிச்சு இவ்ளோ பேசினேன். நல்லா இருந்துச்சு." 9:53-க்கு இவன் ஒரு கட்டைவிரல் போட்டிருக்கிறான். அவ்வளவுதான், அதற்கப்புறம் ஒன்றும் இல்லை.

"டேய், நாலு நாளா பேசாம இருக்கறது நீதான்டா" என்றேன்.

புதிதாக டேட்டிங் பக்கம் வந்திருப்பவர்கள் பெரும்பாலும் தடுக்கிவிழுகிற இடம் இதுதான். அதனால் இங்கிருந்தே தொடங்குவோம்.

முதலில் மேலே தள்ளிப் பாருங்கள்: இது யாருடைய மௌனம்?

அவர் ஏன் பேசவில்லை என்று மண்டையைக் குடைந்துகொள்வதற்கு முன், அரட்டையைத் திறந்து கடைசி நாலைந்து வரிகளை மூன்றாம் மனிதர் மாதிரி படியுங்கள். கடைசியாகப் பேசியது யார்? அந்தப் பேச்சில் பதில் சொல்வதற்கு ஏதாவது இருந்ததா?

நம் தம்பியின் அரட்டையில் அந்தப் பெண் ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறாள். "ரொம்ப நாள் கழிச்சு இவ்ளோ பேசினேன்" என்று ஒருவர் எழுதினால், எனக்கும் அப்படித்தான் இருந்தது என்று நீங்கள் சொல்வதற்கு இடம் விட்டிருக்கிறார் என்று பொருள். அதற்குக் கட்டைவிரல் விழுந்தால் 'சரி, முடிந்தது' என்றுதான் எடுத்துக்கொள்வார். அந்தப் பக்கமும் ஒரு தோழியிடம் இதே போனைக் காட்டி, "நல்லாத்தானே போச்சு, ஏன் இப்படி?" என்று கேட்டுக்கொண்டிருக்கலாம்.

இது என் ஊகம் மட்டும் இல்லை. 2018-இல் எரிக்கா பூத்பி, கஸ் கூனி முதலான உளவியல் ஆய்வாளர்கள், முன்பின் தெரியாதவர்களைப் பேசவிட்டு, பிறகு இருவரையும் தனித்தனியாகக் கேட்டார்கள்: அவரை உங்களுக்கு எவ்வளவு பிடித்தது, உங்களை அவருக்கு எவ்வளவு பிடித்திருக்கும்? எதிராளிக்குத் தன்னை உண்மையில் பிடித்திருந்த அளவைவிடக் குறைவாகத்தான் பிடித்திருக்கும் என்று சராசரியாக எல்லோரும் நினைத்தார்கள். அதாவது இரண்டு பேரும் ஒரே சந்தேகத்தோடு வீட்டுக்குப் போகிறார்கள். இரண்டு பேரும் மற்றவர் தொடங்கட்டும் என்று இருந்துவிட்டால் பிடித்துப்போன கதைகூடப் பேச்சில்லாமலே முடிந்துபோகும்.

அதனால் மௌனத்தை எடைபோடும்போது நான் பார்ப்பது ஒன்றுதான்: அது எதற்குப் பிறகு வந்த மௌனம்? கட்டைவிரலுக்கும் 'குட் நைட்'டுக்கும் பிறகு வரும் மௌனத்தில் படிக்க ஒன்றும் இல்லை. 'சாப்டீங்களா' என்று கேட்டதற்கு வராத பதிலிலும் பெரிதாக ஒன்றும் இல்லை. நாள், நேரம், இடம் சொல்லி மறுபடி பார்க்கலாமா என்று கேட்டு, அதற்குப் பிறகு வரும் மௌனம் மட்டும்தான் ஏதோ சொல்கிறது. அப்படி ஒரு கேள்வியை நீங்கள் இதுவரை அனுப்பவில்லை என்றால், அவர் மௌனத்தை அலசுவதை இப்போதைக்கு விட்டுவிடலாம்.

டிக்கை வைத்து ஜோசியம் பார்க்காதீர்கள்

ஏற்கெனவே கேட்டாகிவிட்டது, பதில் இல்லை என்றால் அடுத்து எல்லோரும் செய்வது டிக் பார்ப்பது. அது எவ்வளவு சொல்லும், எங்கே பொய் சொல்லும் என்று ஒருமுறை தெரிந்துகொண்டால் ராத்திரி தூங்கலாம்.

ஒரு டிக் என்றால் மெசேஜ் உங்கள் போனிலிருந்து கிளம்பிவிட்டது. இரண்டு சாம்பல் டிக் என்றால் அவர் போனுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. இரண்டும் நீலமானால் அரட்டை திறக்கப்பட்டது. இவ்வளவுதான். நீல டிக்கை அவர் அணைத்து வைத்திருந்தால் எத்தனை முறை படித்தாலும் உங்களுக்குச் சாம்பல்தான் தெரியும். அணைக்காதவர்கூட மேலேயிருந்து இழுத்துப் பார்க்கும் அறிவிப்பிலேயே முழுதாகப் படித்துவிட முடியும், அப்போதும் சாம்பல்தான். மறுபக்கம், பஸ்ஸில் நின்றுகொண்டு தெரியாமல் விரல் பட்டுத் திறந்துவிட்டாலும் நீலமாகிவிடும். 'அப்புறம் நிதானமாக பதில் போடலாம்' என்று மூடி வைத்தவர்களும், அப்படியே மறந்துபோனவர்களும் நம்மில் எத்தனை பேர்!

ஒற்றை டிக் நாள்கணக்கில் அப்படியே நின்றால் பிளாக் செய்துவிட்டாரோ என்று பயம் வரும். போன் அணைந்திருந்தாலும், டேட்டா இல்லாவிட்டாலும் அதே ஒற்றை டிக்தான். கடைசியாகப் பார்த்த நேரமும் ஆன்லைனும் தெரியாமல் போய், படமும் காணாமல் போயிருந்தால் பிளாக்காக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் இவற்றையெல்லாம் அமைப்புகளிலேயே மறைத்து வைக்கவும் முடியும். பிளாக் என்பதை உறுதியாகச் சொல்லும் அடையாளம் எதையும் வாட்ஸப் வேண்டுமென்றே தருவதில்லை. அது பிளாக் செய்தவரின் பாதுகாப்புக்காக. ஆகவே வேறு நம்பரிலிருந்து அடித்துப் பார்த்து 'உறுதி' செய்துகொள்ளும் வேலை வேண்டாம்.

ஆன்லைனில் இருக்கிறார், எனக்கு மட்டும் பதில் இல்லை என்பது இன்னொரு புலம்பல். இருப்பார். அம்மாவுக்குப் பதில் போட்டுக்கொண்டிருப்பார், ஆபீஸ் குரூப்பில் மேனேஜர் கேட்டதைச் சொல்லிக்கொண்டிருப்பார். உங்கள் இன்ஸ்டா ஸ்டோரியைப் பார்த்தார் என்பதும் அதே கணக்குதான். அது ஒன்றன்பின் ஒன்றாகத் தானே ஓடும். முன்னால் இருந்தவருடைய ஸ்டோரி முடிந்து உங்களுடையது வந்திருக்கும்.

'பார்க்கலாம்' என்ற சொல்லை எப்படிப் படிப்பது

நமக்கு முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்ல வராது. கல்யாணத்துக்குக் கூப்பிட்டால்கூட வரமுடியாது என்று யாரும் சொல்வதில்லை, கட்டாயம் வரப் பார்க்கிறேன் என்போம். டேட்டின் முடிவிலும் அதே பழக்கம் வேலை செய்யும்.

'பார்க்கலாம்' என்றால் 'சந்திக்கலாம்' என்றும் பொருள், 'அப்போதைக்கு யோசிப்போம்' என்றும் பொருள். ஆட்டோ ஏறும்போது "பார்க்கலாம்" என்று அவர் சொன்னதை நீங்கள் முதல் பொருளில் வாங்கியிருப்பீர்கள். அவர் எதில் சொன்னார் என்று அந்தச் சொல்லுக்குள் தேடினால் கிடைக்காது. பக்கத்தில் என்ன ஒட்டிக்கொண்டிருந்தது என்று பாருங்கள். "அந்த மைலாப்பூர் மெஸ் சொன்னேன்ல, அடுத்த தடவை அங்கே போலாம்" என்றால் அவர் மனதில் அடுத்த தடவை ஒன்று ஏற்கெனவே உருவாகியிருக்கிறது. "கண்டிப்பா பார்க்கலாம், டேக் கேர்" என்பதில் நாளும் இல்லை, இடமும் இல்லை. 'கண்டிப்பா' என்ற சொல்லுக்கு நம் ஊரில் எடை ரொம்பக் குறைவு.

நல்ல சாயங்காலமாக இருந்தது என்பதும், மறுபடி பார்க்க வேண்டும் என்பதும் ஒன்று இல்லை. ரயிலில் எதிர் சீட்டுக்காரரோடு விழுப்புரத்திலிருந்து மதுரை வரை சிரித்துப் பேசிவிட்டு, நம்பர்கூட வாங்காமல் இறங்கிப் போகிறோமே, அது போல. அவர் சிரித்தது நடிப்பில்லை. அதற்கு மேல் வேண்டும் என்று தோன்றவில்லை, அவ்வளவுதான். இதை ஒப்புக்கொள்ளக் கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனால் இந்த வித்தியாசத்தைப் புரிந்துகொள்ளாவிட்டால், "அப்போ அன்னைக்குச் சிரிச்சதெல்லாம் பொய்யா?" என்ற மாதிரி மெசேஜ் அனுப்பத் தோன்றும். அதை மட்டும் அனுப்பாதீர்கள்.

வெளியூர்க்காரர்களுக்குப் புரியாத, நமக்கே உரிய காரணங்களும் சில உண்டு. வெள்ளி இரவு கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறி ஊருக்குப் போய்விட்டால், ஞாயிறு ராத்திரி வரை போன் அம்மா, அக்கா, அக்கா பிள்ளைகள் கையில்தான். அறிமுகமில்லாத ஆண் பெயரில் மெசேஜ் வந்தால் நாலு கேள்வி வரும் என்பதால் பல பெண்கள் அந்த இரண்டு நாளும் அரட்டையைத் திறக்கவே மாட்டார்கள். வீட்டில் வரன் பார்த்துக்கொண்டிருப்பார்கள். உங்களைப் பிடித்திருந்தும், இதை எங்கே கொண்டுபோவது என்ற குழப்பத்தில் பேசாமல் இருப்பவர்கள் ஆணிலும் உண்டு, பெண்ணிலும் உண்டு. நைட் ஷிப்ட்காரர்களைச் சொல்லவே வேண்டாம். இவையெல்லாம் இரண்டு மூன்று நாள் மௌனத்துக்குச் சரியான விளக்கங்கள். மூன்று வார மௌனத்துக்கு இவற்றை இழுத்து நீட்டாதீர்கள்.

காத்திருந்தால் மவுசு கூடுமா?

மூன்று நாள் கழித்துத்தான் மெசேஜ் பண்ண வேண்டும், அப்போதுதான் மதிப்பு என்று ஒரு விதி சுற்றிக்கொண்டிருக்கிறது. இதற்கு ஆதரவாக ஓர் ஆய்வையும் காட்டுவார்கள். 2011-இல் எரின் விட்சர்ச், திமோத்தி வில்சன், டேனியல் கில்பர்ட் மூவரும் அமெரிக்காவில் கல்லூரி மாணவிகளை வைத்துச் செய்தது. சில ஆண்கள் உங்கள் பேஸ்புக் பக்கத்தைப் பார்த்தார்கள் என்று சொல்லிவிட்டு, ஒரு குழுவிடம் 'அவர்களுக்கு உங்களை ரொம்பப் பிடித்தது' என்றும், இன்னொரு குழுவிடம் 'சுமாராகப் பிடித்தது' என்றும், மூன்றாவது குழுவிடம் 'பிடித்திருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்' என்றும் சொன்னார்கள். மூன்றாவது குழுவுக்குத்தான் அந்த ஆண்கள் மேல் அதிக ஈர்ப்பு. அவர்களைப் பற்றி அதிகமாக நினைத்துக்கொண்டிருந்ததும் அந்தக் குழுதான்.

இதைப் படித்துவிட்டு 'அப்போ தொங்கலில் விடுவோம்' என்பவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. அந்த மாணவிகள் யாரும் அந்த ஆண்களை நேரில் பார்க்கவில்லை, நாலு மணி நேரம் பேசவில்லை, பதிலுக்குக் காத்திருந்து அவமானப்படவில்லை. நேரில் சந்தித்துவிட்டுப் பேசாமல் இருக்கும் ஆளை எதிராளி மர்மமானவர் என்று நினைப்பதைவிட, விருப்பமில்லாதவர் என்று நினைப்பதற்குத்தான் வாய்ப்பு அதிகம்.

அந்த ஆய்வு உங்களைப் பற்றி ஒன்று சொல்கிறது, அது உபயோகமானது. இந்த நாலு நாளில் அவர் மேல் உங்களுக்கு ஆசை கூடியிருக்கிறதே, அதில் பாதி அவரால் வந்தது, பாதி தெரியாமையால் வந்தது. சனிக்கிழமை ராத்திரி ஆட்டோவை அனுப்பிவிட்டுத் திரும்பும்போது எவ்வளவு பிடித்திருந்ததோ அதுதான் சரியான அளவு. மெசேஜ் எழுதும்போது அந்த அளவில் எழுதுங்கள், புதன்கிழமை அளவில் எழுதாதீர்கள்.

என்ன எழுதுவது, எப்போது அனுப்புவது

நம் தம்பி முதலில் எழுதிக் காட்டியது பதினோரு வரி. நாலு நாளாக யோசித்ததாகவும், தொந்தரவு செய்வதாக இருந்தால் மன்னிக்கவும் என்றும், அவளை மாதிரி ஒருவரைப் பார்த்ததே இல்லை என்றும், விருப்பமில்லை என்றால் வெளிப்படையாகச் சொல்லிவிடலாம் என்றும் இருந்தது. இதைப் படிக்கிறவர் எதற்குப் பதில் சொல்வார்? மன்னிப்புக்கா, பாராட்டுக்கா, விருப்பமா இல்லையா என்பதற்கா? ஒரே ஒரு முறை சந்தித்தவரிடம் 'விருப்பமா' என்று கேட்டால் அது பெண்பார்க்கும் படலம் மாதிரி ஆகிவிடும். பதில் சொல்லச் சிரமமாக இருக்கும் மெசேஜுக்குப் பதில் தள்ளிப்போகும். தள்ளிப்போனதே பிறகு பதிலே இல்லாமல் போகும்.

எல்லாவற்றையும் அழித்துவிட்டு இரண்டே விஷயம் வைத்தோம். ஒன்று, அந்தச் சாயங்காலத்தில் நடந்த, அவர்கள் இருவருக்கு மட்டுமே தெரிந்த ஒரு சின்ன விஷயம். இரண்டு, நாளும் இடமும் உள்ள கேள்வி. கடைசியில் போனது இது:

"அன்னைக்கு உங்க மெசேஜுக்கு வெறும் கட்டைவிரல் போட்டுட்டேன், தப்புதான். எனக்கும் ரொம்ப நல்லா இருந்துச்சு. பஜ்ஜிக்கடை அண்ணன் உங்களுக்கு மட்டும் ஒண்ணு எக்ஸ்ட்ரா வச்சது இன்னும் எனக்கு வயித்தெரிச்சல். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் மைலாப்பூர் பக்கம் வர முடியுமா? அந்த மெஸ்ஸுக்குப் போலாம்."

கவனிக்க வேண்டியது இன்னொன்று இருக்கிறது. அவன் 'நீங்க' என்றே எழுதினான், ஏனென்றால் கடற்கரையிலும் 'நீங்க'வில்தான் பேசி முடித்திருக்கிறார்கள். பேச்சின் நடுவே 'நீ'க்கு மாறியிருந்தால் மெசேஜிலும் 'நீ'தான் வர வேண்டும். நேரில் 'நீ' என்று சிரித்துவிட்டு, இரண்டு நாள் கழித்து 'நீங்க எப்படி இருக்கீங்க' என்று எழுதினால் பத்தடி பின்னால் போய் நிற்பது மாதிரி. தலைகீழாகச் செய்தால் அதைவிட மோசம். எந்த விளியில் பிரிந்தீர்களோ அங்கிருந்தே தொடருங்கள்.

நேரத்தைப் பற்றி. சந்தித்த ராத்திரி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததைக் கேட்கும் மெசேஜ் மரியாதை. அடுத்த சந்திப்புக்கான கேள்வியை மறுநாளோ, அதற்கு அடுத்த நாளோ அனுப்பிவிடலாம். வார இறுதிக்குத்தான் கூப்பிடுகிறீர்கள் என்றால் புதன் இரவைத் தாண்டவிடாதீர்கள். வியாழன், வெள்ளிக்குள் ஊருக்குப் போவது, கல்யாணம், ரூம் தோழிகளோடு சினிமா என்று எல்லாம் முடிவாகியிருக்கும். மணி, இரவு ஏழரையிலிருந்து ஒன்பதரைக்குள் எனக்குச் சரியாகப் படுகிறது. வேலை முடிந்திருக்கும், வீட்டில் இருப்பவர்கள் 'இந்த நேரத்துல யாரு' என்று கேட்கும் நேரமும் ஆகியிருக்காது. நள்ளிரவு 12:40-க்கு எழுதியது எவ்வளவு நன்றாகத் தோன்றினாலும் காலையில் ஒருமுறை படித்துவிட்டு, சாயங்காலம் அனுப்புங்கள்.

அனுப்பிய பிறகு வருத்தப்பட்டு 'எல்லோருக்கும் அழி' போடாதீர்கள். மெசேஜ் அழிக்கப்பட்டது என்ற வரி அங்கேயே உட்கார்ந்திருக்கும். என்ன எழுதினாரோ என்று அவர் குழம்புவதைவிட, கொஞ்சம் வழிந்த மெசேஜே பரவாயில்லை. எழுத்துப்பிழை என்றால் 15 நிமிடத்துக்குள் திருத்திக்கொள்ள வாட்ஸப்பிலேயே வழி இருக்கிறது.

அனுப்பியாகிவிட்டது, இப்போது?

முன் அறிவிப்பில்லாமல் போன் பண்ணாதீர்கள். 'ஹலோ?' என்றும் வெறும் கேள்விக்குறி என்றும் பின்னாலேயே அனுப்பாதீர்கள். நான் கொடுக்கும் கெடு நாலு நாள். இதற்கு ஆய்வு ஒன்றும் இல்லை, என் கணக்குதான்: ஊருக்குப் போயிருந்தாலும், ரிலீஸ் வேலையில் மாட்டியிருந்தாலும், உடம்புக்கு முடியாமல் இருந்தாலும் நாலு நாளுக்குள் ஒரு வரி எழுத இரண்டு நிமிடம் கிடைக்கும்.

பதில் வந்தால் அதில் மாற்று நாள் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். "ஞாயிறு முடியாது, அடுத்த சனி?" என்பது சம்மதம். "இந்த வாரம் கொஞ்சம் டைட், பார்க்கலாம்" என்பதில் மறுப்பு எங்கேயோ தொடங்கியிருக்கிறது. உடனே இன்னொரு நாள் சொல்லி நெருக்காமல், "சரி, ப்ரீ ஆனதும் சொல்லுங்க" என்று பந்தை அங்கே போட்டுவிட்டு நகருங்கள்.

பதிலே இல்லையென்றால் இரண்டாவது மெசேஜ் ஒன்று உண்டு. அனுப்பலாம், தப்பில்லை, முதல் மெசேஜ் நிஜமாகவே கீழே போய் மறந்திருக்கலாம். ஆனால் முதல் மெசேஜைப் பற்றி அதில் ஒரு சொல்கூட வரக்கூடாது. 'என் மெசேஜ் பார்த்தீங்களா' என்று கேட்டால் அது கடன் கேட்க வந்த மாதிரி. புதிதாக ஏதாவது வேண்டும், கூடவே வேண்டாம் என்று சொல்ல எளிதான வழியும் வேண்டும்: "சனிக்கிழமை காலைல பீச்சுக்கு நடக்கப் போறேன், ஆறரை மணிக்கு. வர முடிஞ்சா வாங்க. முடியலன்னாலும் பரவாயில்ல." இவ்வளவு போதும்.

அதற்கும் பதில் இல்லையென்றால் அதுதான் பதில். மூன்றாவது கிடையாது. வாட்ஸப்பில் பேசவில்லை என்று இன்ஸ்டாவில் தட்டுவது, லிங்க்டின்னில் தேடுவது, அவர் தோழியிடம் விசாரிப்பது, ஆபீஸ் வாசலில் 'தற்செயலாக' நிற்பது எல்லாம் அந்த மூன்றாவது மெசேஜின் மாறுவேடங்கள்தான். விடாமல் துரத்தினால் மனம் மாறும் என்று நம் சினிமா அரை நூற்றாண்டாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறது. சட்டம் வேறு மாதிரி சொல்கிறது. ஒரு பெண் விருப்பமில்லை என்று தெளிவாகக் காட்டிய பிறகும் ஓர் ஆண் அவரை மீண்டும் மீண்டும் தொடர்புகொள்ள முயல்வது பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-ஆவது பிரிவில் குற்றம். முதல் முறைக்கே 3 ஆண்டு வரை சிறை. இரண்டு மெசேஜுக்கு யாரும் போலீஸுக்குப் போக மாட்டார்கள். ஆனால் எந்தப் பக்கம் நடக்கிறோம் என்று தெரிந்து நடப்பது நல்லது.

மௌனமாக இருப்பவர் நீங்களாக இருந்தால், தயவுசெய்து இரண்டு வரி எழுதிவிடுங்கள். "அன்னைக்கு நல்லா இருந்துச்சு, ஆனா எனக்கு அதுக்கு மேல தோணல. உங்ககிட்ட நேரா சொல்லிடலாம்னு நினைச்சேன்." காரணம் விளக்க வேண்டாம். விளக்கினால் வாதம் வரும். அந்த ஆள் நேரிலேயே உங்களைப் பயமுறுத்தியிருந்தால் இந்த இரண்டு வரியும் தேவையில்லை, பிளாக் செய்துவிட்டுப் போங்கள்.

தம்பியின் மெசேஜ் புதன் இரவு 8:15-க்குப் போனது. ராத்திரி முழுக்க சாம்பல். வியாழன் காலை 9:10-க்குப் பதில்: "ஞாயிறு அக்கா வளைகாப்பு, ஊர்ல இருப்பேன். அடுத்த சனி ஓகேவா? நீங்க கட்டைவிரல் போட்டதும் அவ்ளோதான் போலன்னு நினைச்சேன்." அவன் இதை என்னிடம் கொண்டுவந்து காட்டும்போது சாப்பாட்டு டப்பா காலி.

எனக்கு நடந்தது வேறு. போன வருஷம் ஒருவரை நுங்கம்பாக்கத்தில் சந்தித்தேன். மூன்று மணி நேரம், வயிறு வலிக்கச் சிரித்தோம். மறுநாள் நானேதான் நாள் சொல்லிக் கேட்டேன். "கண்டிப்பா, இந்த வாரம் மட்டும் டைட்" என்றார். பத்து நாள் கழித்து இரண்டாவது மெசேஜ். நீல டிக், பதில் இல்லை. அரட்டையை ஆர்க்கைவில் போட்டேன், முதல் இரண்டு வாரம் எடுத்து எடுத்துப் பார்த்தேன், அப்புறம் மறந்துபோனது. ஐந்து வாரம் கழித்து ஒரு ஞாயிறு மத்தியானம்: "ஹாய்! சாரி, ரொம்ப பிஸி ஆயிட்டேன். எப்படி இருக்கீங்க?"

இப்படி வருகிறவர்களிடம் இத்தனை நாள் எங்கே போனீர்கள் என்று சண்டை போட வேண்டியதில்லை, உருகவும் வேண்டியதில்லை. உங்களுக்கு இன்னும் ஆசை இருந்தால் அதே பழைய சோதனைதான், நாளும் நேரமும். எனக்குக் கொஞ்சம் இருந்தது. "நல்லா இருக்கேன். வர்ற சனிக்கிழமை அஞ்சு மணிக்கு அதே கடைல காபி?" என்று அனுப்பினேன்.

இரண்டே நிமிடத்தில் பதில் வந்தது. "பார்க்கலாம்."

நான் ஒரு கட்டைவிரல் போட்டேன்.